கொட்ரேஷின் கேள்வி வராத கணக்கு

கொட்ரேஷுக்கு ஆளைத் தூக்கத் தெரியும். எங்கள் இல்லத்துக்கு வேலைக்கு வருகிற பலர் கையால் தூக்குவார்கள், இரண்டு வருடத்தில் இடுப்பு போய்விடும். இவன் முழங்காலை மடக்கி, படுத்திருப்பவரின் தோளைத் தன் மார்போடு சேர்த்து, ஒரு மூச்சில் எழுப்பி உட்கார வைப்பான். தூக்கப்பட்டவருக்குத் தூக்கியது தெரியாது. கர்நாடகத்து ஹரிஹரத்தில் எங்கள் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நான் வார்டு பொறுப்பை ஏற்றபோது அவன் ஏற்கெனவே அங்கே பழைய ஆள். பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு யாரையாவது அழைத்துப் போக வேண்டுமென்றால் முதலில் அவன் பெயரைத்தான் சொல்வார்கள்.

அதற்கு இரண்டு காரணம். ஒன்று, அவன் தூக்குகிற விதம். இன்னொன்று, அவன் கொடுக்கிற கணக்கு.

பெங்களூர் போகிற ஊழியருக்கு இல்லம் முன்பணம் தரும். திரும்பி வந்ததும் அவர் ஒரு தீர்வுக் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்கிய முன்பணம் இவ்வளவு, உண்மையில் செலவானது இவ்வளவு, மீதி இவ்வளவு, மீதியைக் கட்டிய ரசீது எண் இது, பில்கள் பின்னால் இணைக்கப்பட்டுள்ளன. கீழே அவர் கையெழுத்து. நோயாளி போய்த் திரும்பினார் என்பதற்கு வார்டு பொறுப்பாளரான என் கையெழுத்து. முந்தைய முன்பணத்தைத் தீர்க்காதவருக்கு அடுத்த முன்பணம் கிடையாது. காலத்தில் தீர்க்காவிட்டால் முழுத்தொகையும் சம்பளத்தில் பிடிக்கப்படும்.

மற்றவர்களுடைய குறிப்பு கணக்குப் பிரிவுக்குப் போனால் சிவப்பு மையோடு திரும்பி வரும். இந்த டீக்கு பில் எங்கே, இந்த ஆட்டோ எதற்கு, கூட்டல் ஏன் ஐந்து ரூபாய் இடிக்கிறது. கொட்ரேஷின் குறிப்பில் பதினோரு வருடமாக ஒரு சிவப்புப் புள்ளிகூட விழுந்ததில்லை. முதலில் பென்சிலால் எழுதுவான். அதைப் படித்து, ஒரு சொல்லை மாற்றி, மறுபடி பென்சிலால் எழுதுவான். பிறகு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, எண்களை ஒன்றன்கீழ் ஒன்று நிறுத்தி, பேனாவால் எழுதுவான். 'சுமார்' என்ற சொல்லை அவன் குறிப்பில் பார்க்க முடியாது. ஓய்வு பெற்றுப் போன பழைய கணக்கர் அதை ஆண்டு விழாவில் எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டி, "இதுதான் கணக்கு" என்றாராம். அன்றிலிருந்து அவனுக்கு அது கழுத்தில் போட்ட மாலை. கழற்றவும் முடியாது.

அந்த வாரம் அவன் சித்தலிங்கப்பாவை அழைத்துப் போய் வந்திருந்தான். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், எங்களுக்கு அஜ்ஜா, அதாவது தாத்தா. இடுப்பு எலும்பில் தகடு வைத்தவர், வலது கால் மடங்காது. எடையும் குறைச்சலில்லை. இரண்டு நாள் பயணம், ஓர் இரவு லாட்ஜில். திரும்பியவரின் முதுகைப் புரட்டிப் பார்த்தேன். ஓரிடத்திலும் தோல் சிவக்கவில்லை. கொட்ரேஷ் வழியெல்லாம் அவரைத் திருப்பிப் படுக்க வைத்திருக்கிறான்.

மறுநாள் காலை அவன் குறிப்பை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தான்.

"சிஸ்டர், இதைக் கொஞ்சம் பாருங்க. பாஷை நல்லா இருக்கணுமாம்."

"உன் குறிப்புக்கு என்ன பாஷை? எப்பவும் போலத்தானே?"

"இல்ல சிஸ்டர். மீதி கட்டறப்போ வாகீஷ் சார் வாங்கிப் பார்த்தார். இதைக் கம்ப்யூட்டர்ல அடிச்சு நோட்டீஸ் போர்டுல ஒட்டப் போறாராம். எல்லாரும் இதைப் பார்த்து எழுதணுமாம். மாதிரிக் குறிப்பு."

அவன் முகத்தில் பெருமை இருந்திருக்க வேண்டும். இல்லை. பல்வலிக்காரன் மாதிரி தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வாகீஷ் எங்கள் புதிய கணக்கு அதிகாரி. கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வந்தவர். கெட்டவர் இல்லை. எதையும் அட்டவணை போட்டுப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். முன்பணம் ஒன்பதாயிரம். செலவு ஆறாயிரத்து இருநூற்று நாற்பது. மீதி இரண்டாயிரத்து எழுநூற்று அறுபது, ரசீது வாங்கியாயிற்று. செலவின் கீழே ரயில், டாக்ஸி, லாட்ஜ், சாப்பாடு, மருந்துக்கடை. ஐந்துக்கும் பில் இருந்தது. கூட்டல் சரி.

எப்போதும் பயணம் நடந்ததா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்து போடுவது வழக்கம். பாஷையைத் திருத்தச் சொன்னதால் இந்தத் தடவை வரி வரியாகப் படித்தேன். படிக்கும்போது சித்தலிங்கப்பாவை ஹரிஹரத்திலிருந்து பெங்களூர் வரை மனத்தில் தூக்கிக்கொண்டு போனேன். பாதி வழியில் நின்றுவிட்டேன்.

"கொட்ரேஷ், சக்கர நாற்காலி எப்படிப் போச்சு?"

"எந்த நாற்காலி?"

"அஜ்ஜாவோட நாற்காலி. டாக்ஸி டிக்கியில கேஸ் சிலிண்டர் இருக்கும். முன்சீட்டைப் பின்னால தள்ளினாத்தான் அவர் காலை நீட்ட முடியும். பின்சீட்டுல மிச்ச இடத்துல நீ. நாற்காலி எங்க உட்கார்ந்துச்சு, உன் மடியிலயா?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "ஆட்டோவுல போச்சு."

"தனியா?"

"பின்னாலயே வரச் சொன்னேன்."

"நாற்காலி சவாரி போச்சா? அதுக்கு யார் காசு கொடுத்தது, நாற்காலியா?"

அவன் சிரிக்கவில்லை. நான் விடவில்லை. ரயிலில் ஏற்ற ஸ்டேஷனில் போர்ட்டர் இல்லாமல் முடியாது. எக்ஸ்ரே மேசைக்கு மாற்ற அங்கே இருக்கிற இரண்டு பேர் கையில் ஏதாவது வைத்தால்தான் வருவார்கள். லாட்ஜில் வெந்நீர். படிக்கட்டில் நாற்காலியோடு தூக்க ஓர் ஆள். ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் தொகை வந்தது, குரல் குறைந்துகொண்டே. ஆட்டோ முந்நூற்று இருபது. போர்ட்டருக்கு இருநூறு. எக்ஸ்ரே அறைக்காரர்களுக்கு நூற்றைம்பது. வெந்நீர் நூறு, படிக்கட்டு நூறு. மொத்தம் எண்ணூற்று எழுபது. எதற்கும் பில் கிடையாது.

"இதெல்லாம் உன் காசா?"

"பேட்டா வருதில்ல சிஸ்டர், அதுல சரியாப் போகும்."

"பேட்டா உன் வயித்துக்கு. பில் கிடைக்காத செலவுக்குத் தனிச் சீட்டு இருக்கே. என்ன செலவு, ஏன் பில் இல்லைன்னு எழுதி நீயே கையெழுத்து போட்டுக் கொடுக்கலாம். விதியிலயே இருக்கு."

"சீட்டு வச்சா கேள்வி வரும்."

"வந்தா பதில் சொல்லு."

 பிறகு மெதுவாகச் சொன்னான். இல்லத்துக்கு வருமுன் ஒரு பஞ்சாலையில் ஸ்டோர் உதவியாளாக இருந்தானாம். பாரவண்டிக் கூலி நாற்பது ரூபாய்க்கு பில் இல்லை. மேஸ்திரி ஷிப்டு மாறுகிற நேரத்தில் எல்லார் முன்னாலும் அவனை நிறுத்திக் கேட்டாராம். விசாரணை முடிகிறவரை ஆலை கேட்டுக்கு வெளியே நிற்க வைத்தார்களாம். பிறகு உள்ளே எடுத்துக்கொண்டார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாரும் குற்றம் என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் ஆலையே மூடிவிட்டது.

"நாப்பது ரூபா சிஸ்டர். என் சட்டைப் பையில நூறு இருந்துச்சு அன்னிக்கு. கொடுத்துட்டுப் போயிருக்கலாம்."

அதிலிருந்து அவன் கொடுத்துவிட்டுப் போகிறவன். அவன் மனைவி சுனந்தா ஒருமுறை இல்லத்துக்கு வந்தபோது என்னிடமே சொல்லியிருக்கிறாள்: "எல்லாரும் பெங்களூர் போனா அங்கேருந்து ஏதாவது கொண்டு வருவாங்க சிஸ்டர். இவர் போனா வீட்லருந்து கொண்டு போறாரு." நான் அப்போது அதை ஊதாரித்தனம் பற்றிய பேச்சென்று நினைத்துக்கொண்டேன்.

"சரி, உன் காசு, உன் இஷ்டம்" என்று சொல்லி நான் குறிப்பைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அதற்குள் ஹொன்னம்மா வந்துவிட்டாள்.

ஹொன்னம்மாவும் உதவியாளர்தான், பெண்கள் வார்டில். ஹொன்னாளிப் பக்கத்துக்காரி. குரல் அடுப்படியிலிருந்து வாசல் வரை கேட்கும். முந்தின வாரம் கௌரவ்வா அஜ்ஜி என்ற பாட்டியை அதே ஆஸ்பத்திரிக்கு, அதேபோல இரண்டு நாள் அழைத்துப் போய் வந்தவள். அவள் கையில் அவள் குறிப்பு. அதில் சிவப்பு மை.

"சிஸ்டர், இதைப் படிங்க. எனக்குக் கண்ணு எரியுது."

வாங்கிய முன்பணம் ஒன்பதாயிரம். செலவு ஏழாயிரத்து முந்நூறு. கட்டிய மீதி ஆயிரத்து எழுநூறு. பில் இல்லாத செலவுகளுக்கு அவள் முறைப்படி சீட்டு வைத்திருந்தாள். பக்கத்தில் வாகீஷின் எழுத்து: 'இதே ஆஸ்பத்திரிக்கு இதேபோல இரண்டு நாள்களுக்கு திரு கொட்ரேஷ் செய்த செலவு ரூ.6,240. கூடுதல் செலவு ரூ.1,060 ஏற்கப்படவில்லை. சம்பளத்தில் பிடிக்க. விளக்கம் தருக. விளக்கம் திருப்தி தராவிட்டால் ஊழியரை வெளியூர்ப் பணியிலிருந்து நீக்கவும் வேலையை மறுபரிசீலனை செய்யவும் பரிந்துரைக்கப்படும்.'

அவளுக்கு வேலை நிரந்தரமாகவில்லை. மறுபரிசீலனை என்றால் என்ன என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

ஹொன்னம்மா கொட்ரேஷைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா, நீ அஜ்ஜாவை எப்படி ரயில்ல ஏத்தின? ஊதினியா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். நாங்க போர்ட்டருக்குக் கொடுத்தோம். உனக்கு ஏதாவது மந்திரம் இருந்தா சொல்லிக் கொடு. நானும் கணக்குல தங்கமாயிடறேன்."

"ஹொன்னம்மா, கத்தாதே. அஜ்ஜிங்க தூங்கறாங்க" என்றேன்.

"தூங்கட்டும். அவங்களுக்கென்ன, அவங்களை நான் திருடின காசுல கூட்டிட்டுப் போனேன்னு யாரும் எழுதல. அண்ணா, நிஜமாச் சொல்லு. போர்ட்டருக்கு நீ கொடுக்கல?"

"கொடுத்தேன்" என்றான் கொட்ரேஷ்.

"அப்போ எங்க அது?"

அவன் தன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான். ஹொன்னம்மாவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் அவள் கத்தவில்லை. என் எதிரிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ அண்ணா. நீ தருமம் பண்ண, நான் திருடியாயிட்டேன்."

கொட்ரேஷின் நிலைமையை நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டால் ஹொன்னம்மா போவாள். அவன் குறிப்பு நோட்டீஸ் போர்டில் ஏறும். அடுத்த மாதத்திலிருந்து எல்லாருக்கும் முன்பணமே ஆறாயிரத்து ஐந்நூறு என்று வாகீஷ் கொட்ரேஷின் குறிப்புகளைப் பார்த்து அட்டவணை போட்டு அறங்காவலர் கூட்டத்துக்கு வைத்திருந்தார். எல்லாரும் தங்கள் சட்டைப் பையிலிருந்து போட வேண்டும், முடியாதவர்கள் நோயாளியை இரண்டு பேருக்குப் பதில் தனியாகத் தூக்க வேண்டும். வாயைத் திறந்தால், பதினோரு வருடக் குறிப்பும் பொய் என்று அவனே கையெழுத்துப் போட்டுச் சொன்ன மாதிரி.

"நான் எழுதினா நம்புவாங்களா சிஸ்டர்? ஹொன்னம்மாவைக் காப்பாத்த இப்போ கூட்டிச் சொல்றேன்பாங்க. இல்லன்னா இத்தனை வருஷம் ஏன் குறைச்சன்னு கேப்பாங்க. ரெண்டுல எதுக்கும் பில் இல்லை."

"எழுது. பிறகு பார்க்கலாம்" என்றேன். புண் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதன்மேல் துணியைப் போர்த்தி வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மூவரும் உட்கார்ந்து அந்தக் குறிப்பைத் திருத்தினோம். பாஷை சுலபம் என்று நினைத்தேன், அதுதான் கடினமாயிற்று. செலவு ஆறாயிரத்து இருநூற்று நாற்பது என்பதை அடித்து ஏழாயிரத்து நூற்றுப் பத்து என்று எழுத முடியாது. மீதி கட்டி ரசீது வெட்டியாகிவிட்டது. ஒன்பதாயிரத்தில் ஏழாயிரத்து நூற்றுப் பத்து போனால் கட்ட வேண்டியது ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுதான். அவன் கட்டியது இரண்டாயிரத்து எழுநூற்று அறுபது. ரசீது எண்ணை மாற்ற முடியாது. ஆகவே மூன்று வரிக்குப் பதில் ஐந்து வரி வேண்டும். முன்பணம். உண்மைச் செலவு, அதில் பில் உள்ளது இவ்வளவு, சீட்டு உள்ளது இவ்வளவு. கட்ட வேண்டிய மீதி. ரசீதுப்படி கட்டிய தொகை. அதிகமாகக் கட்டியது எண்ணூற்று எழுபது, திருப்பித் தரவும்.

அதுவரை ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்தவன் கடைசி வரியில் நின்றான்.

"'திருப்பித் தந்தால் நல்லது'ன்னு போடலாமா?"

"உனக்கு நல்லதா, அவங்களுக்கு நல்லதா? வெட்டு."

"'இயலுமானால்'?"

"ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தும்போது இயலுமானால்னா ஏத்தறோம்? 'திருப்பித் தரவும்.' அவ்வளவுதான்."

"கேட்கிற மாதிரி இருக்கே."

"கேட்கத்தான் கேட்கறே" என்றாள் ஹொன்னம்மா. "கல்யாணத்துக்குப் பத்திரிகை எழுதறியா அண்ணா? எழுது."

அவன் எழுதினான். பென்சிலால். பிறகு அழித்தான். பிறகு எழுதினான். சீட்டுகள் ஐந்தையும் எழுதும்போது ஆட்டோச் சீட்டில் காரணம் என்று போட வேண்டிய இடத்தில், 'டாக்ஸியில் சக்கர நாற்காலி வைக்க இடமில்லாததால் அது மட்டும் தனியாக ஆட்டோவில் வந்தது' என்று எழுதினான். அது அப்படியே இருக்கட்டும் என்றேன்.

வாகீஷின் அறையில் ஏசி இல்லை, ஆனால் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். மூவரும் போனோம். அவர் குறிப்பைப் படித்தார், மறுபடி படித்தார், தன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதில் அவருடைய அட்டவணை திறந்தே இருந்தது.

"கொட்ரேஷ், என்னய்யா இது? அதிகமாத் திருப்பிக் கட்டினவனை நான் என் சர்வீஸ்ல பார்த்ததில்ல."

"பார்த்துட்டீங்க சார்" என்றாள் ஹொன்னம்மா.

"நீ சும்மா இரும்மா. சிஸ்டர், உங்களுக்குத் தெரியாததா? ரசீது போட்டாச்சு. அன்னிக்கு ரொக்கப் புத்தகம் மூடியாச்சு. இப்போ இந்த எண்ணூத்து எழுபதைத் திருப்பித் தரணும்னா நான் புது வவுச்சர் போடணும், செயலாளர் கையெழுத்து வேணும், ஆடிட்டர் கேப்பார். ஏன் இவன் தன் காசைக் கட்டினான்? இவன் காசுதான்னு என்ன நிச்சயம்? வேற யாரோட காசு?"

"அவன் காசு. பேட்டா" என்றேன்.

"நீங்க பார்த்தீங்களா?"

"அஜ்ஜாவைத் தூக்கினதைப் பார்த்திருக்கேன். அவர் எண்பத்திரண்டு கிலோ. நாற்காலி பதினெட்டு. வேணும்னா இன்னிக்கு நீங்க வந்து படிக்கட்டுல ஏத்துங்க. நான் காசு கொடுக்கறேன்."

வாகீஷ் பேனாவை மூடித் திறந்தார். அவருக்கும் வெளியே வர வழியில்லை என்பது தெரிந்தது. அட்டவணை அறங்காவலர்களுக்குப் போய்விட்டது. செலவைக் குறைத்துக் காட்டியதற்காக அவரை ஒருவர் பாராட்டியும் இருந்தார்.

"ஒண்ணு பண்ணலாம்" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "கொட்ரேஷ், நீ முதல்ல கொடுத்த குறிப்பு அப்படியே இருக்கட்டும். இதைக் கிழிச்சிடு. ஹொன்னம்மா விஷயத்துல நான் இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்டுடறேன். சம்பளத்துல பிடிக்க மாட்டேன். எல்லாருக்கும் நல்லது."

கொட்ரேஷின் தோள்கள் இறங்கின. நான் பார்த்தேன். அவன் கை குறிப்பை எடுக்க மேசையருகே போயிற்று. பதினோரு வருடம் அப்படியே இருக்கும், ஹொன்னம்மாவுக்கும் வேலை இருக்கும். யாராக இருந்தாலும் எடுத்திருப்பார்கள்.

"எதை மன்னிக்கறீங்க சார்?" என்றாள் ஹொன்னம்மா.

"அதான், அந்த ஆயிரத்து அறுபது."

"அது போர்ட்டர் எடுத்துட்டுப் போனது. அவரைத் தேடிப் போய் மன்னியுங்க. என்னை மன்னிச்சா நான் திருடினேன்னு ஆகும். அடுத்த தடவை ஆறாயிரத்து ஐந்நூறு கொடுத்து அனுப்புவீங்க, அப்பவும் மன்னிப்பீங்களா? எனக்கு எந்த அஜ்ஜியைப் பாதி வழியில இறக்கி விடணும்னு மட்டும் சொல்லிடுங்க."

 கொட்ரேஷ் கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

"இருக்கட்டும் சார்" என்றான். "புதுசு இருக்கட்டும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. இது போனா உன் பழைய பைலெல்லாம் திறப்பாங்க."

"தெரியும் சார்."

"அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதே."

"நின்னா என்ன சார்" என்றான் கொட்ரேஷ். "நான் எங்கயாவது நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்."

வாகீஷ் அந்தக் குறிப்பின் மேல் சிவப்பு மையால் எழுதினார்: 'செயலாளர் முடிவுக்கு.' கொட்ரேஷின் தாளில் விழுந்த முதல் சிவப்பு. அவன் அதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ரத்தப் பரிசோதனைக்கு ஊசி போடும்போது சிலர் அப்படித்தான் கண்ணை எடுக்காமல் பார்ப்பார்கள்.

செயலாளர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். எதையும் இரண்டு தடவை சொல்ல மாட்டார். கொட்ரேஷைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் விசாரித்தார். என்னையும் கூப்பிட்டார். நோயாளி ஒருவரைத் தூக்கி மாற்ற எத்தனை பேர் தேவை என்று கேட்டார். ஆளைப் பொறுத்து என்றேன். சித்தலிங்கப்பாவுக்கு மூன்று என்றேன். எழுதிக்கொண்டார்.

முடிவு கடிதமாக வந்தது. ஹொன்னம்மா மீதான கேள்வி நீக்கப்பட்டது. புதிய அட்டவணை நிறுத்திவைக்கப்பட்டது. கொட்ரேஷுக்கு எண்ணூற்று எழுபது ரூபாய் திருப்பித் தரப்பட்டது. பழைய பயணங்களின் கணக்கு முடிந்துவிட்டபடியால் அவற்றைத் திறப்பதற்கில்லை. அவ்வளவும் முதல் பக்கம். இரண்டாம் பக்கத்தில் கொட்ரேஷுக்கு ஒரு மெமோ. உண்மைச் செலவைக் குறைத்துக் காட்டித் தொடர்ந்து குறிப்பு சமர்ப்பித்ததால் நிர்வாகம் தவறான முடிவெடுக்க நேர்ந்தது. இது எச்சரிக்கை. இனி ஓராண்டுக்கு அவர் பெயரில் முன்பணம் தரப்படாது. உடன் செல்லும் பணி தொடரும். முன்பணம் ஹொன்னம்மா பெயரில் வழங்கப்படும்.

அவன் அதை என் மேசையருகே நின்று படித்தான். மடித்தான். மறுபடி விரித்துப் படித்தான்.

"நாப்பது ரூபாய்க்கு மெமோ கொடுக்கலை சிஸ்டர். கேட்டுக்கு வெளியேதான் நிக்க வச்சாங்க. இது எழுத்துல இருக்கு."

"இருக்கு. என்ன பண்ணப் போற?"

"என்ன பண்ணட்டும்? குறைச்சு எழுதினேன், அது நிஜம். ஆனா நான் எடுக்கல. ரெண்டும் ஒரே மாதிரி படிக்குது இதுல."

 கடிதத்தில் தப்பாக எதுவும் எழுதியிருக்கவில்லை. நான் அவனைச் சித்தலிங்கப்பாவின் மதியக் குளியலுக்கு அனுப்பினேன். வேலை இருக்கிற ஆளை நிற்க வைத்தால் புண்ணாகும்.

சுனந்தா அன்று மாலை இல்லத்துக்கு வந்தாள். எண்ணூற்று எழுபது கையில் வந்ததில் அவளுக்குப் பரம சந்தோஷம். வெண்ணெய் தோசை கட்டிக்கொண்டு வந்து எங்கள் எல்லாருக்கும் கொடுத்தாள். "பதினோரு வருஷத்துல இந்த மனுஷன் பெங்களூர்லருந்து கொண்டு வந்தது இதுதான் சிஸ்டர்." கொட்ரேஷ் தோசையைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், மெமோவைப் பற்றி அவளிடம் சொல்லலாமா என்று என்னைப் பார்த்தான். நான் என் தோசையைத் தின்றேன். அது அவன் வீட்டு விஷயம்.

அடுத்த பயணம் வந்தது. பசப்பா என்ற பெரியவர், தொண்டையில் கட்டி. கொட்ரேஷும் ஹொன்னம்மாவும் போனார்கள். பணம் ஹொன்னம்மாவின் பையில், பை அவள் தோளில். போர்ட்டருக்குக் கொடுக்க வேண்டுமானால் கொட்ரேஷ் அவளிடம் கேட்க வேண்டும். அவள் கொடுப்பாள், உடனே சீட்டுப் புத்தகத்தை நீட்டுவாள். "எழுது அண்ணா. மறந்துடுவே." பிளாட்பாரத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில், முழங்காலில் தாளை வைத்து அவன் எழுதிக்கொண்டே போயிருக்கிறான். அவசரத்தில் பேனாவாலேயே. திரும்பி வந்ததும் ஹொன்னம்மா தீர்வுக் குறிப்பை எழுதினாள். அவள் எழுத்து கோழி கிளறின மாதிரி. முன்பணம், செலவு, மீதி எல்லாம் சரி.

அது வாகீஷிடம் போய்ச் சிவப்போடு திரும்பி வந்தது. ஒரே ஒரு கேள்வி. கொட்ரேஷ் கையெழுத்திட்ட ஒரு சீட்டு: பசப்பாவுக்கு முகச்சவரம், எண்பது ரூபாய். பக்கத்தில், 'இது மருத்துவச் செலவா? செலவு செய்தவர் விளக்கவும்.'

கொட்ரேஷ் அதை என்னிடம் கொண்டுவந்தான்.

"என்ன எழுதட்டும் சிஸ்டர்?"

"எதுக்குச் சவரம் பண்ணினே?"

"டாக்டரைப் பார்க்கப் போற அன்னிக்குக் காலையில லாட்ஜ் கண்ணாடியில அவர் தன்னைப் பார்த்துட்டார். 'இப்படியா போறது? பிச்சைக்காரன் மாதிரி இருக்கேன்'ன்னு அழ ஆரம்பிச்சுட்டார். கீழே சலூன் இருந்துச்சு. உட்கார வச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

ஹொன்னம்மா பின்னால் நின்றிருந்தாள். "மூக்குல குழாய் ஒட்டணும், தாடியில பிளாஸ்திரி நிக்காதுன்னு எழுதிடு. வாகீஷ் சாருக்கு அது தெரியாது. சிஸ்டர் கையெழுத்துப் போட்டா பாஸ்."

அதுவும் பொய்யாக இருக்காது. தாடியில் பிளாஸ்திரி நிற்காது. பசப்பாவுக்கு அன்று குழாய் போடவில்லை என்பது மட்டும்தான் குறை.

கொட்ரேஷ் பேனாவைத் திறந்தான். ஸ்கேல் எடுக்கவில்லை. கேள்விக்குக் கீழே எழுதினான்: 'இல்லை. மருத்துவச் செலவு அல்ல. பெரியவர் கேட்டார்.' தேதி போட்டான். கையெழுத்திட்டான்.

வாகீஷ் அதை ஏற்கவில்லை. விதியில் இடமில்லை, அவரும் என்ன செய்வார். கொட்ரேஷின் அந்த மாதச் சம்பளத்தில் எண்பது ரூபாய் பிடிக்கப்பட்டது. சம்பளச் சீட்டில் அதற்கென்று தனி வரி இருந்தது. சவரம், பசப்பா, கொட்ரேஷிடமிருந்து, எண்பது. அவன் அதை எடுத்துவந்து என்னிடம் காட்டினான். காசு போன முகமாக இல்லை.

"இந்தத் தடவை நான் கொடுத்ததை எழுதியிருக்காங்க சிஸ்டர்" என்றான். பிறகு நாலாம் படுக்கையில் மணி அடித்தது, போனான்.